நெஞ்சு வலி கேஸை ரவுண்ட்ஸ்ல எப்படி பிரசன்ட் பண்றது: ஒரு ஏற்காடு பேஷண்டை வச்சு படிப்படியா

மெடிசின் போஸ்டிங்குக்கு புதுசா வந்திருக்கிற ஹவுஸ் சர்ஜன்ஸ், ஃபைனல் இயர் பசங்க, முதல் வருஷ பிஜி இவங்களுக்காக எழுதறேன். காலைல ரவுண்ட்ஸ்ல சீஃப் பெட் பக்கத்துல வந்து நின்னதும் "என்னப்பா கேஸ்"னு கேட்பாரு, நாம கேஸ் ஷீட்டை மேல இருந்து கீழ வரைக்கும் வாசிக்க ஆரம்பிப்போம், ரெண்டாவது நிமிஷத்துல அவரு ஈசிஜியை கையில வாங்கிட்டு வேற எங்கயோ போயிடுவாரு. வேற கேஸ்ல இது பெருசா தப்பில்ல. நெஞ்சு வலி கேஸ்ல தப்பு, ஏன்னா இதுல ஒவ்வொரு முடிவும் நேரத்தை வச்சுதான் எடுக்கிறோம், வலி எப்ப ஆரம்பிச்சது, ஈசிஜி எப்ப எடுத்தாங்க, மருந்து எப்ப போச்சு, அதுக்கப்புறம் என்ன மாறுச்சு, இந்த நாலும் முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள வெளிய வந்துடணும்.

அதனால பொதுவா சொல்லாம ஒரே ஒரு கேஸை எடுத்துக்கிறேன். பாடத்துக்காக நானே கோர்த்த கேஸ்தான், ஆனா சேலத்துல வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்த மாதிரி ஆளை நல்லாவே தெரியும். 56 வயசு, ஏற்காட்டுல காபி எஸ்டேட் வேலை, பழம் பறிக்கிற சீசன்ல மூட்டை தூக்கும்போது நெஞ்சு வலி, மேல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு போயி அங்கிருந்து 108ல 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி கீழ வந்தவரு.

ரவுண்ட்ஸுக்கு முன்னாடி அரை மணி நேரம்

முதல் வேலை, ஒரு வெள்ளை பேப்பரை எடுத்து நடுவுல ஒரு கோடு போட்டு நேரத்தை மட்டும் வரிசையா எழுதுங்க. கேஸ் ஷீட்ல இது ஒரே இடத்துல இருக்காது. வலி ஆரம்பிச்ச நேரம் ஹிஸ்டரில இருக்கும், முதல் ஈசிஜி நேரம் ரெஃபரல் சீட்டுல இருக்கும், மருந்து போன நேரம் சிஸ்டர் நோட்ஸ்ல இருக்கும், ராத்திரி நடந்தது டியூட்டி பிஜி கையெழுத்துல ஒரு ஓரத்துல இருக்கும். நம்ம பேஷண்டுக்கு அந்த பேப்பர் இப்படி இருக்கும்:

சாயங்காலம் 4:30 வலி ஆரம்பம். 6:15 ஏற்காடு ஆஸ்பத்திரி. 6:25 முதல் ஈசிஜி, லோடிங் டோஸ். 7:40 சேலம் கேஷுவாலிட்டி. 7:45 ரெண்டாவது ஈசிஜி, வலது பக்க லீட்ஸோட. 8:00 டெனெக்டிப்ளேஸ். 9:30 மூணாவது ஈசிஜி. ராத்திரி 2:00 பல்ஸ் 44, அட்ரோபின். காலைல 6:00 நாலாவது ஈசிஜி.

வலி ஆரம்பிச்ச நேரத்தை மட்டும் கேஸ் ஷீட்டை நம்பாம பேஷண்ட் கிட்ட நீங்களே திரும்ப கேளுங்க. "எத்தனை மணிக்கு"ன்னு கேட்டா பாதி பேருக்கு சொல்ல தெரியாது, "டீ குடிச்சதுக்கு முன்னாடியா பின்னாடியா, வேலை விடறதுக்கு மணி அடிச்சாச்சா, கடைசி பஸ் போயிடுச்சா"ன்னு கேட்டா தெளிவா சொல்லுவாங்க. இவரு முதல்ல "சாயங்காலமா"ன்னுதான் சொன்னாரு, எடை போடறதுக்கு மூட்டையை இறக்கி வச்ச நேரமான்னு கேட்டதும் நாலரைன்னு உறுதியா வந்துச்சு. வலி வந்து வந்து போயிருந்தா, விடாம நின்ன கடைசி பெரிய வலி எப்ப ஆரம்பிச்சதோ அதை ஆரம்பமா எடுத்துக்கிட்டு, அதுக்கு முன்னாடி விட்டு விட்டு வந்ததையும் தனியா சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

ரெண்டாவது வேலை ஈசிஜியை அடுக்கறது. பழசு கீழ, புதுசு மேல. ஒவ்வொன்னுலயும் பேர், தேதி, நேரம், எடுக்கும்போது வலி இருந்துச்சா இல்லையா, இதை பேனால எழுதி வைங்க. வலி இருக்கும்போது எடுத்த ஈசிஜியும் வலி நின்னப்புறம் எடுத்ததும் பக்கத்துல பக்கத்துல இருந்தா அதுவே பாதி பிரசன்டேஷன். ஒரு விஷயம், இந்த ஈசிஜி பேப்பர் வெயில்லயும் சூட்டுலயும் மங்கிடும், ரெஃபரல்ல வந்த முதல் ஈசிஜி சட்டைப் பையில மடிஞ்சு வந்திருக்கும், அதை முதல்லயே ஜெராக்ஸ் எடுத்து கேஸ் ஷீட்ல சேர்த்துடுங்க.

மூணாவது, பேஷண்டை நீங்களே போயி பாருங்க, ரவுண்ட்ஸ்க்கு கொஞ்சம் முன்னாடி. ஆறு மணி பிபியை எட்டரைக்கு சொல்லாதீங்க.

முதல் வரி

முதல் வரில ஆள் யாரு, என்ன வந்துச்சு, எத்தனை மணி நேரத்துல வந்தாரு, என்ன டயக்னோசிஸ், இப்ப எந்த கட்டத்துல இருக்காரு எல்லாம் இருக்கணும். டயக்னோசிஸை கடைசில சொல்றது எக்ஸாம் ஸ்டைல், லாங் கேஸ்க்கு சரி. வார்டு ரவுண்ட்ஸ்ல தெரிஞ்ச டயக்னோசிஸை ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல, முதல்லயே சொன்னாத்தான் கேட்கிறவங்க அடுத்து வர்ற ஒவ்வொரு விவரத்தையும் அதோட பொருத்திப் பார்ப்பாங்க.

நம்ம கேஸ்க்கு முதல் வரி இது:

"சார், 56 வயசு ஆண், ஏற்காடு காபி எஸ்டேட் தொழிலாளி, பீடி குடிக்கிறவரு, பிபி இருக்கு மாத்திரை ஒழுங்கா எடுக்கல. நேத்து சாயங்காலம் நாலரைக்கு நெஞ்சு வலி, இன்ஃபீரியர் வால் ஸ்டெமி வித் ஆர்வி இன்வால்வ்மெண்ட், மூன்றரை மணி நேரத்துல டெனெக்டிப்ளேஸ் கொடுத்து லைஸ் பண்ணியாச்சு, 90 நிமிஷ ஈசிஜில எஸ்டி நல்லா இறங்கியிருக்கு, இப்ப வலி இல்ல, ஆஞ்சியோவுக்கு வெயிட்டிங்."

இருபது செகண்ட்தான் ஆகும். பின்னணில ரிஸ்க் ஃபேக்டர் மட்டும்தான் வந்திருக்கு, பத்து வருஷத்துக்கு முன்னாடி பண்ண ஹெர்னியா ஆபரேஷன் இதுல வரல. அது தேவைப்பட்டா பின்னாடி வரும்.

வலிக்கதையை சொல்றது

இங்கதான் நிறைய பேர் ஒரு ஃபார்முலாவை வச்சுக்கிட்டு எந்த இடம், எப்படி ஆரம்பிச்சது, எங்க பரவுச்சு, எது கூட்டுச்சு எது குறைச்சதுன்னு எட்டு கேள்விக்கும் எட்டு பதிலா ஒப்பிப்பாங்க. பேஷண்ட் கிட்ட விசாரிக்கும்போது அந்த வரிசை வேணும், ஒன்னும் விடாம இருக்க அது உதவும். சொல்லும்போது அதை ஒரு கதையா நேர வரிசைல சொல்லுங்க:

"காபி மூட்டையை இறக்கி வச்ச கொஞ்ச நேரத்துல நடு நெஞ்சுல அழுத்தற மாதிரி வலி, மேல் வயித்துக்கும் இடது கை உள் பக்கத்துக்கும் பரவியிருக்கு, சட்டை நனையற அளவுக்கு வேர்த்திருக்கு, ரெண்டு தடவ வாந்தி. உட்கார்ந்தும் குறையல. வாயுன்னு நினைச்சு சோடா குடிச்சு ஒரு வாயு மாத்திரை போட்டிருக்காரு, கேட்கல, அதுல ஒன்றரை மணி நேரத்துக்கு மேல போயிருக்கு. ஆஸ்பத்திரி வரும்போது வலி பத்துக்கு எட்டு."

பேஷண்ட் "கரிக்குது"ம்பாரு, "அடைக்குது"ம்பாரு, "பிசையுது"ம்பாரு, சில பேர் வாயைத் திறக்காம முஷ்டியை மடக்கி நெஞ்சு மேல வைப்பாங்க. அதை அப்படியே கேஸ் ஷீட்ல அவரு பாஷையில எழுதிக்கோங்க. "எபிகாஸ்ட்ரிக் பெயின்"னு மட்டும் நீங்களா மாத்தி எழுதிட்டா அடுத்து பார்க்கிறவங்க கேஸ்ட்ரைட்டிஸ்னு போயிடுவாங்க, இன்ஃபீரியர் வால்ல இது அடிக்கடி நடக்கற விபத்து, ஏன்னா அதுல மேல் வயித்து வலியும் வாந்தியும் தான் முன்னாடி நிக்கும். அதே மாதிரி "ஏடிபிக்கல் செஸ்ட் பெயின்"ங்கிற வார்த்தையை விட்டுடுங்க, 2021 அமெரிக்கன் கைட்லைன்லயே அதை வேண்டாம்னு சொல்லி, கார்டியாக், பாசிபிளி கார்டியாக், நான் கார்டியாக் இப்படி சொல்ல சொல்லியிருக்காங்க. ஏடிபிக்கல்னு சொன்னா கேட்கிறவங்க இதயம் இல்லன்னு எடுத்துக்கிறாங்க, சுகர் இருக்கிறவங்க, வயசானவங்க, பொம்பளைங்க இவங்கதான் அதுல மாட்டறது.

அடுத்தது இல்லாத விஷயங்களை சொல்றது. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, பேதி இல்ல, மூட்டு வலி இல்லன்னு பட்டியல் வாசிச்சா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. இவருக்கு லைசிஸ் கொடுத்திருக்கோம், அப்ப கேட்கிறவரு மனசுல ஓடற ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒன்னு, இது அயோர்டிக் டிஸ்செக்ஷன் இல்லையே? ஏன்னா டிஸ்செக்ஷன் கிழிஞ்சு வலது கரோனரி வாயை அடைச்சா இதே இன்ஃபீரியர் எஸ்டி எலிவேஷன் வரும், அதுல லைசிஸ் கொடுத்தா ஆளே போயிடலாம். ரெண்டு, ரத்தக்கசிவுக்கு வழி எதுவும் இருந்துச்சா?

"வலி ஆரம்பத்துலயே உச்சத்துக்கு போற மாதிரி கிழிக்கற வலி இல்ல, முதுகுக்கு போகல, ரெண்டு கைலயும் பிபி ஒன்னா இருந்துச்சு, எல்லா பல்ஸும் சமம், எக்ஸ்ரேல மீடியாஸ்டைனம் அகலம் இல்ல. ஸ்ட்ரோக் வந்ததில்ல, தலைல அடி படல, சமீபத்துல ஆபரேஷன் இல்ல, கருப்பா மலம் போனதில்ல, ரத்தம் இளக்கற மாத்திரை எதுவும் எடுக்கல."

இவ்வளவுதான். ஒவ்வொரு "இல்ல"வும் ஏதாவது ஒரு முடிவோட கட்டியிருக்கணும். லைசிஸ் கொடுக்காத வேற ஒரு நெஞ்சு வலி கேஸா இருந்தா இந்த லிஸ்ட் மாறும், மூச்சோட சேர்ந்து குத்துற வலின்னா கால் வீக்கம், சமீபத்துல படுத்த படுக்கையா இருந்தாரா, ரெண்டு பக்கமும் மூச்சு சத்தம் சமமா இருக்கா இதையெல்லாம் சொல்லுவோம், முன்னாடி குனிஞ்சா குறையற வலின்னா பெரிகார்டியல் ரப் இருந்துச்சா இல்லையான்னு சொல்லுவோம்.

பழக்கத்தை சொல்லும்போது அளவோட சொல்லுங்க. "ஸ்மோக்கர்"ங்கறதை விட "30 வருஷமா ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி" நல்லது. பிபிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மாத்திரை கொடுத்தாங்க, தலை சுத்தினா மட்டும் போடறாரு. வீட்டுல சின்ன வயசுல யாருக்கும் அட்டாக் இல்ல. போதும்.

ஈசிஜியை வாயால சொல்றது

ஈசிஜியை சீஃப் கைல கொடுத்துட்டு சும்மா நிக்காதீங்க. "ஈசிஜில எம்ஐ சார்"னு சொல்றதும் பத்தாது. எத்தனை மணிக்கு எடுத்தது, வலியோடயா, ரேட் ரிதம், எந்த லீட்ல எத்தனை மில்லிமீட்டர், எதிர்பக்கம் என்ன, இதே வரிசை.

"முதல் ஈசிஜி 6:25, வலியோட எடுத்தது. சைனஸ் ரிதம், ரேட் 54. லீட் 2, 3, ஏவிஎஃப்ல எஸ்டி எலிவேஷன், 3ல மூணு மில்லிமீட்டர், 2ல ரெண்டு. லீட் 1, ஏவிஎல்ல எஸ்டி டிப்ரெஷன். 7:45க்கு எடுத்த வலது பக்க லீட்ல வி4ஆர்ல ஒரு மில்லிமீட்டர் எலிவேஷன். பிஆர் நார்மல்."

2ஐ விட 3ல எஸ்டி அதிகமா இருக்குன்னா அடைப்பு பெரும்பாலும் வலது கரோனரில, அதனாலதான் அந்த ரெண்டு நம்பரையும் தனித்தனியா சொல்றோம். வி4ஆர் எடுக்கறது ரொம்ப சுலபம், வழக்கமா இடது பக்கம் வைக்கிற வி4 எலக்ட்ரோடை வலது பக்கம் அதே அஞ்சாவது இடைவெளில காலர் எலும்பு நடுக்கோட்டுக்கு நேரா வச்சு எடுத்துட்டு, பேப்பர்ல பெருசா வி4ஆர்னு எழுதணும். எழுதலைன்னா மறுநாள் அதை யாரோ இடது பக்க வி4னு படிச்சு குழம்புவாங்க. அரை மில்லிமீட்டர் ஏறினாலே அர்த்தம் இருக்கு. ஆனா இது சில மணி நேரத்துலயே மறைஞ்சிடக்கூடிய மாற்றம், காலைல ரவுண்ட்ஸ்ல சீஃப் கேட்டப்புறம் ஓடிப்போயி எடுத்தா ஒன்னும் தெரியாம போகலாம். இன்ஃபீரியர் வால்னு தெரிஞ்ச அந்த நிமிஷமே எடுங்க.

வலது வென்ட்ரிக்கிள் மாட்டியிருக்குன்னு தெரிஞ்சா என்ன மாறுது? இதைத்தான் சீஃப் கேட்பாரு. அந்த வென்ட்ரிக்கிள் பலமில்லாம இருக்கறதால உள்ள வர்ற ரத்த அளவை நம்பித்தான் பிபி நிக்குது, நைட்ரேட் கொடுத்தா சிரை விரிஞ்சு உள்ள வர்றது குறைஞ்சு பிபி சட்டுனு விழுந்துடும், லாசிக்ஸும் அப்படித்தான். இவரு வரும்போது பிபி 94/60, நெஞ்சு சுத்தமா இருக்கு, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு, இந்த மூணும் ஒன்னா இருந்தாலே ஆர்வியை நினைக்கணும். அதனால நாக்குக்கு அடியில மாத்திரை வைக்கல, சலைன் 500 மில்லி கொடுத்தாங்க, பிபி 106க்கு ஏறுச்சு. இதை பிரசன்டேஷன்ல ஒரே வரில சொல்லிடணும்: "ஆர்வி இன்வால்வ்மெண்ட் இருக்கறதால நைட்ரேட் தவிர்த்திருக்கோம், ஃப்ளூயிட் 500க்கு பிபி ரெஸ்பான்ட் ஆச்சு." அந்த வரி கேஸ் ஷீட் முன்பக்கத்துலயும் இருக்கணும், ராத்திரி வலிக்குதுன்னு கூப்பிட்டா புதுசா டியூட்டிக்கு வந்த யாராவது பழக்க தோஷத்துல நைட்ரேட் வச்சுடக்கூடாது.

என்ன கொடுத்தோம், எதுக்கு கொடுத்தோம்

"ஏற்காட்டுலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் 300, அடோர்வாஸ்டாட்டின் 80 லோடிங் போயிடுச்சு" இதை கட்டாயம் சொல்லணும். 2023ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே லோடிங் டோஸ் கொடுத்து அனுப்பறாங்க, அதனால மலைல இருந்து வர்றவங்க பாதி பேர் மாத்திரை போட்டுட்டுதான் வருவாங்க. ரெஃபரல் சீட்டை படிக்காம இங்க மறுபடியும் லோடிங் கொடுத்துடற ஆபத்து இருக்கு.

அப்புறம் லைசிஸ். மருந்து, டோஸ், நேரம், ஏன் ஸ்டென்ட்க்கு நேரா போகல, நாலும்: "எடை 62 கிலோ, டெனெக்டிப்ளேஸ் 35 மில்லிகிராம் ஒரே போலஸ், 8 மணிக்கு. காத் லேப்ல வேற எமர்ஜென்சி ஓடிட்டு இருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிரைமரி பிசிஐ நடக்காதுன்னு தெரிஞ்சதால லைசிஸ். கூட எனாக்சபாரின்." 120 நிமிஷத்துக்குள்ள ஆஞ்சியோபிளாஸ்டி முடியாதுன்னா, வலி வந்து 12 மணி நேரத்துக்குள்ள இருந்தா, தடை எதுவும் இல்லைன்னா லைசிஸ், இதுதான் கணக்கு. உங்க யூனிட்ல ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தா 15 லட்சம் யூனிட் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சதுன்னு ரெண்டு நேரமும் சொல்லுங்க, நடுவுல பிபி இறங்குச்சான்னும் சொல்லுங்க, அந்த மருந்துல அது சகஜம்.

வேலை செஞ்சதா இல்லையாங்கறதுக்கு ஆதாரம் கொடுக்கணும். "லைஸ்ட் சக்சஸ்ஃபுலி"ன்னு சும்மா சொல்லக்கூடாது. "9:30 ஈசிஜில லீட் 3ல மூணு மில்லிமீட்டர் இருந்தது ஒன்னா இறங்கியிருக்கு, பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, வலி எட்டுல இருந்து ஒன்னு, 8:50க்கு அரை நிமிஷம் ஏஐவிஆர் ஓடி தானா நின்னுச்சு." அதிகமா ஏறியிருந்த லீடை எடுத்துக்கிட்டு அதையே ரெண்டு ஈசிஜிலயும் ஒப்பிடணும், வேற வேற லீடை ஒப்பிடக்கூடாது. 60ல இருந்து 90 நிமிஷத்துல எஸ்டி 50 சதவீதம் கூட இறங்கலைன்னாலோ வலி அப்படியே இருந்தாலோ லைசிஸ் ஃபெயில், உடனே ரெஸ்க்யூ பிசிஐக்கு பேசணும், அது காலை ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்கிற விஷயமே இல்ல, ராத்திரியே சீனியருக்கு போன் போகணும்.

ட்ரோபோனினை பத்தி ஒரு வார்த்தை. இந்த கேஸ்ல அது முடிவை மாத்தல, ஸ்டெமில அதுக்காக யாரும் காத்திருக்கறதில்ல, அதனால பின்னாடி ரிசல்ட்ஸோட சேர்த்து சொல்லலாம். எஸ்டி ஏறாத நெஞ்சு வலி கேஸ்ல மட்டும் அது முன்னாடி வரும், அங்க "ட்ரோப் பாசிட்டிவ்"னு சொன்னா பத்தாது, வலி வந்து எத்தனை மணி நேரத்துல எடுத்தது, அடுத்த சாம்பிள்ல ஏறுச்சா இறங்குச்சா, கிரியேட்டினின் எவ்வளவு, இதெல்லாம் சேர்த்து சொல்லணும், ஏன்னா கிட்னி பழுதானவங்களுக்கும் மயோகார்டைடிஸ்லயும் அது ஏறும்.

ராத்திரி என்ன ஆச்சு, இப்ப எப்படி இருக்காரு

"ராத்திரி ஸ்டேபிள் சார்"னு சொல்லிட்டு கடந்து போகாதீங்க. இவருக்கு ராத்திரி ஒரு விஷயம் நடந்திருக்கு.

"ரெண்டு மணிக்கு மானிட்டர்ல ரேட் 44, பிஆர் கொஞ்சம் கொஞ்சமா நீண்டு ஒரு பீட் விழற வென்கபாக், க்யூஆர்எஸ் குறுகலாதான் இருந்துச்சு, பிபி 96/60, தலை சுத்தல், வலி இல்ல. அட்ரோபின் 0.6 மில்லிகிராம் ஐவி, ரேட் 68 ஆச்சு, அப்புறம் திரும்ப வரல. ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கேன்."

க்யூஆர்எஸ் குறுகல்னு சொன்ன அந்த ஒரு வார்த்தைலயே பிளாக் ஏவி நோட் லெவல்லன்னு கேட்கிறவருக்கு புரிஞ்சிடும், அந்த நோடுக்கு ரத்தம் பெரும்பாலானவங்களுக்கு வலது கரோனரில இருந்துதான் போகுது, பெரும்பாலும் தானா சரியாகும். இதே பிளாக் ஆன்டீரியர் வால்ல க்யூஆர்எஸ் அகலமா வந்திருந்தா கதையே வேற, பேசிங்க்கு ரெடியாகணும்.

எக்ஸாமினேஷன்ல எல்லா சிஸ்டமும் வேண்டாம். இன்னைக்கு காலைல நீங்க எதைத் தேடிப் பார்த்தீங்களோ அதை சொல்லுங்க: "எட்டு மணிக்கு வலி இல்ல, பல்ஸ் 72 சீரா இருக்கு, பிபி 108/70, ரூம் ஏர்ல சாச்சுரேஷன் 97, ஜேவிபி லேசா உயர்ந்திருக்கு, கை கால் சூடா இருக்கு, நெஞ்சு சுத்தம், எஸ்3 இல்ல, புது மர்மர் இல்ல, கில்லிப் 1. ஈறு, ஊசி போட்ட இடம், யூரின் எங்கயும் ரத்தம் இல்ல, தலைவலி இல்ல, பேச்சு தெளிவு. ராத்திரி யூரின் 900 மில்லி." புது மர்மர் இல்லங்கறதை மறக்காம சொல்லணும், பாப்பில்லரி தசை கிழிஞ்சாலோ செப்டம் ஓட்டை விழுந்தாலோ முதல்ல காதுலதான் கேட்கும், இன்னைக்கு இல்லன்னு பதிவாகியிருந்தாதான் நாளைக்கு வந்தா புதுசுன்னு சொல்ல முடியும். அதனால ஸ்டெத்தை வச்சுக் கேட்காம இந்த வரியை சொல்லவே கூடாது.

ரிசல்ட்ஸ் வேகமா: எக்கோல இன்ஃபீரியர் வால் ஹைப்போகைனீசியா, ஈஎஃப் 50, ஆர்வி லேசா டைலேட் ஆகி ஃபங்ஷன் கொஞ்சம் குறைவு, எஃப்யூஷன் இல்ல. ட்ரோபோனின் பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 13.2, கிரியேட்டினின் 1.1. சுகர் வரும்போது 214, முன்னாடி சுகர்னு யாரும் சொன்னதில்ல.

முடிச்சு கட்டறதும் பிளானும்

இங்க குரலை இறக்கிடறாங்க, "இதான் சார்"னு நிறுத்திட்டு சீஃப் முகத்தைப் பார்க்கறாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க, தப்பா இருந்தா திருத்துவாங்க. பிரச்சனையை நம்பர் போட்டு, ஒவ்வொன்னுக்கும் பிளானை பக்கத்துலயே வச்சு:

"ஒன்னு, இன்ஃபீரியர் ஸ்டெமி, லைசிஸ் சக்சஸ், இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள ஆஞ்சியோ போகணும், காத் லேப்ல பேசியாச்சு, அதுவரைக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் 75, ஸ்டாட்டின், எனாக்சபாரின் தொடரும். ரெண்டு, ஆர்வி இன்வால்வ்மெண்டும் ராத்திரி வந்த வென்கபாக்கும், நைட்ரேட் டையூரெடிக் வேண்டாம், பீட்டா பிளாக்கர் இன்னைக்கு ஆரம்பிக்கல, பெட்சைட்ல அட்ரோபின் வச்சிருக்கோம், மானிட்டர் தொடரும். மூணு, புதுசா தெரிஞ்ச சுகர், ஹெச்பிஏ1சி அனுப்பியிருக்கு. நாலு, பீடியும் பிபியும், ஏசிஇ இன்ஹிபிட்டர் பிபி நிலையா நின்னா நாளைக்கு ஆரம்பிக்கலாமான்னு உங்க கிட்ட கேட்கணும் சார்."

லைசிஸ் வேலை செஞ்சவங்களுக்கு ஆஞ்சியோ மருந்து போன 2 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள, நேத்து எட்டுக்கு மருந்து போனதால இன்னைக்கு எட்டுக்குள்ளன்னு கடிகார நேரமா சொல்லுங்க. "24 மணி நேரத்துக்குள்ள"ன்னு மட்டும் சொன்னா ஒவ்வொருத்தரும் வேற வேற இடத்துல இருந்து எண்ண ஆரம்பிப்பாங்க. பீட்டா பிளாக்கர் ஏன் இல்லன்னு அவரு கேட்கறதுக்கு முன்னாடியே நீங்க சொன்னீங்கன்னா, மறந்து விடல, யோசிச்சு நிறுத்தியிருக்கீங்கன்னு தெரியும்.

நடுவுல சீஃப் குறுக்க கேள்வி கேட்டா அதுக்கு மட்டும் ஒரு வரில பதில் சொல்லிட்டு விட்ட இடத்துக்கு திரும்பி வந்துடுங்க, கைல இருக்கிற நேரப் பேப்பர் இதுக்குத்தான். தெரியலைன்னா "பார்க்கல சார், ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் பார்த்து சொல்றேன்"னு சொல்லிடுங்க, நார்மல்னு ஊகிச்சு சொல்லாதீங்க. லைசிஸ் போட்ட ஆள் கிட்ட "பிளீடிங் இல்ல"ன்னு ஊகமா சொல்ற ஒரு வார்த்தை ஆஞ்சியோ டேபிள் வரைக்கும் போயிடும்.

இன்னொன்னு, இவ்வளவும் அவரு தலைமாட்டுல நின்னுதான் பேசறோம். ஆர்வி, ஃபெயில், பிளாக்னு நாம சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் அவரு நம்ம முகத்தை மாறி மாறி பார்த்துட்டு இருப்பாரு, பக்கத்துல சம்சாரம் முந்தானையை பிடிச்சுட்டு நிக்கும். ரிஸ்க் பத்தின வாக்குவாதம் இருந்தா ரெண்டு பெட் தள்ளிப்போயி வச்சுக்கலாம். டீம் நகர்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு நிமிஷம் நின்னு, "அண்ணா, இதய ரத்தக்குழாய்ல அடைப்பு, கரைக்கிற மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு, இன்னைக்கு கை வழியா ஒரு டியூப் விட்டு அடைப்பு மிச்சம் இருக்கான்னு பார்ப்பாங்க, நெஞ்சு திரும்ப வலிச்சாலோ தலை சுத்தினாலோ தலை வலிச்சாலோ உடனே சிஸ்டரை கூப்பிடுங்க, பாத்ரூம்க்கு நீங்களா எழுந்து போகாதீங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. இவரு மாதிரி ஆளுங்க வலி நின்னதும் காபி சீசன் போயிடும்னு வீட்டுக்கு கிளம்ப பார்ப்பாங்க, அப்ப இந்த ஒரு நிமிஷம் உதவும்.

மறுநாள் அதே பேஷண்ட்

மறுநாள் முழுக்கதையும் திரும்ப சொல்ல வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். பழைய டயக்னோசிஸ் ஒரு வரி, 24 மணி நேரத்துல மாறினது, இன்னைக்கு முடிவு பண்ண வேண்டியது.

"சார், இன்ஃபீரியர் ஸ்டெமி ஆர்வியோட, லைசிஸ் முடிஞ்சு நேத்து சாயங்காலம் ஆஞ்சியோ, மிட் ஆர்சிஏல 90 சதவீதம் அடைப்பு, ஒரு ஸ்டென்ட், இடது பக்கம் பெரிய அடைப்பு இல்ல. ராத்திரி வலி இல்ல, பிளாக் வரல, அட்ரோபின் தேவைப்படல. பல்ஸ் 76, பிபி 118/74, நெஞ்சு சுத்தம், மர்மர் இல்ல. வலது மணிக்கட்டுல வீக்கம் இல்ல, ரேடியல் பல்ஸ் இருக்கு. ஹெச்பிஏ1சி 8.1. டை போனதால கிரியேட்டினின் இன்னைக்கு அனுப்பியிருக்கு, அது வந்ததும் மெட்ஃபார்மின், ஏசிஇ இன்ஹிபிட்டர் ரெண்டையும் முடிவு பண்ணணும்."